மௌனத்தை எழுதுதல்

இயற்கைக் காட்சிகளுடன் தியானத்திற்கு வழிகாட்டும் காணொளிகளின் பிரதிகள் பலவற்றில் ஒரு முரண்பாடு உண்டு. முதல் வரியே கண்களை மூடச் சொல்கிறது. அவ்வாறாயின் பின்வரும் ஒன்பது நிமிட ஆற்றுக் காட்சி யாருக்காக? பார்ப்பவனுக்கா, கேட்பவனுக்கா என்பதை எழுதுவோன் முதலில் தீர்மானித்தல் வேண்டும்.

பார்ப்பவனுக்கெனில், ஆறு ஓடுவதை அவனிடம் சொல்லவேண்டியதில்லை. எங்கே பார்ப்பது என்பதைச் சொன்னாற் போதும். "கல்லைச் சுற்றி நீர் பிரிவதைக் கவனியுங்கள்" என்பது நல்ல வரி. பத்து நிமிடப் பிரதிக்கு 120 சொற்கள் ஏராளம். ஆறுதலாகப் படித்தால் அவை ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். எஞ்சியது மௌனம். அம்மௌனம் தானாக அமைவதன்று. "40 வினாடி, நீரோசை மட்டும்" என்று பிரதியிலேயே எழுதப்படாவிடின், படத்தைத் தொகுப்பவர் அதனை ஐந்து வினாடியாக நறுக்கிவிடுவார்; வெறுமை அவருக்குப் பிழையாகவே தோன்றும். ஓசையும் அடியோடு நின்றால், கருவி பழுதாயிற்றோ என்று பார்ப்பவன் ஐயுறுவான். ஆகவே நீண்ட மௌனத்திற்கு முன், "சிறிது நேரம் பேச்சிராது" என்று அறிவிப்பதே நேர்மை.

கடற்காட்சியில் இன்னொரு தவறு நேர்கிறது. "அலையோடு மூச்சை இழுங்கள்" என்கிறது பிரதி. அலைகளோ சீரான இடைவெளியில் வருவதில்லை. தனியே பதிவான குரல் மட்டும் நான்கு வினாடிக்கொரு முறை கட்டளையிடுகிறது. பார்ப்பவன் இரண்டிற்குமிடையில் மூச்சுத் திணறுகிறான். மூச்சை அதன் போக்கில் விடச்சொல்லும் ஒரே வரி அங்கே போதியதாயிருந்திருக்கும்.