அயனி குறையவில்லை, ஆள் மாறியது

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மின்கடத்துத்திறனை அளந்தால், வரைபடம் V வடிவில் இறங்கி ஏறுகிறது. அதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம் இது: நடுநிலையாக்கலில் அயனிகள் குறைகின்றன, ஆகவே கடத்துத்திறன் குறைகிறது.

இதை எண்ணிக்கையால் சோதிக்கலாம். 0.01 மோலார் அமிலம் 100 மில்லி, பியூரெட்டில் 0.1 மோலார் காரம். தொடக்கத்தில் ஹைட்ரஜன் அயனி 1 மில்லிமோல், குளோரைடு 1 மில்லிமோல். 10 மில்லி காரம் சேர்ந்து சமானப் புள்ளி வரும்போது சோடியம் 1 மில்லிமோல், குளோரைடு 1 மில்லிமோல். மொத்தம் மாறவே இல்லை. ஆனாலும் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்குச் சுமார் 4.3 மில்லிசீமென்ஸிலிருந்து 1.15-க்கு விழுகிறது. கரைசல் 110 மில்லியாக நீர்த்ததால் வந்த இழப்பு அதில் 0.1 அளவுதான்.

மீதி வீழ்ச்சிக்குக் காரணம் ஆள் மாறியதே. 25 டிகிரியில் ஹைட்ரஜன் அயனியின் மோலார் கடத்துத்திறன் ஏறத்தாழ 350, சோடியத்துக்கு 50. சோடியம் தன்னைச் சூழ்ந்த நீரையும் இழுத்துக்கொண்டு நகர வேண்டும். ஹைட்ரஜன் அயனியோ நகர்வதைவிடக் கைமாறுகிறது: ஒரு நீர் மூலக்கூறு புரோட்டானை அடுத்ததற்குக் கொடுக்க, அது தன்னுடைய ஒன்றை அதற்கடுத்ததற்குத் தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு துளியும் அந்த வேகக்காரரை நீராக்கிவிட்டு மந்தமானவரை அமர்த்துகிறது. குளோரைடு வெறும் பார்வையாளர்.

சமானப் புள்ளிக்குப் பிறகுதான் அயனிகளின் எண்ணிக்கை உண்மையில் கூடுகிறது. சோடியத்தின் 50-உம் ஹைட்ராக்சைடின் 199-உம் சேர்ந்து ஏறுமுகம் 249. இறங்குமுகமோ 350-இல் 50 போக 300. எனவே இரு கைகளையும் ஒரே சரிவில் வரைந்து காட்டும் படமும் தவறு. இடக்கையே அதிகச் செங்குத்தாக இருக்க வேண்டும்.

முறையைப் பற்றி என்ன சொல்வது? நிறங்காட்டியின் நிறமாற்றம் தெரியாத கலங்கிய கரைசலிலும் இது வேலை செய்யும். ஆனால் காரம் அமிலத்தைவிடப் பத்து மடங்கு செறிவாக இருப்பது நல்லது. இதே அமிலத்துக்கு 0.01 மோலார் காரத்தைப் பயன்படுத்தினால் சமானப் புள்ளியிலேயே கன அளவு இரட்டிப்பாகும். கோடுகள் வளையும், வலக்கையின் ஏற்றம் வெகுவாகக் குறையும். அளந்த மதிப்பை மொத்தக் கன அளவு வகுத்தல் தொடக்கக் கன அளவால் பெருக்கினால் கோடுகள் நிமிரும்.

வகுப்பறைகளில் நான் அதிகம் காணும் பிழை, மிகக் குறைந்த அளவீட்டையே முடிவுநிலை என்று எழுதுவது. காரம் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சியிருந்தால் அடிமுனை கூர்மையிழந்து உருண்டுவிடும். அந்த இடத்துப் புள்ளிகளை நம்பக் கூடாது. இருபுறமும் தள்ளியுள்ள நான்கைந்து புள்ளிகள் வழியே நேர்கோடுகளை நீட்டி, அவை வெட்டும் இடத்தையே எடுக்க வேண்டும்.

என் தீர்ப்பு: முறை நிற்கிறது, அயனி குறைகிறது என்ற விளக்கத்தைப் பாடத்திலிருந்து நீக்க வேண்டும். அதை நம்பும் மாணவரிடம் அமிலம் மாறாமல் காரத்தை மட்டும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடாக மாற்றிக் கொடுங்கள். அயனிக் கணக்கு அதேதான், ஆனால் பொட்டாசியத்தின் 73 காரணமாக அடிமுனை சுமார் 1.36-இல் நிற்கும்.