சில்வர் ஓக் காட்டுப் பூவரசான கதை

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைச் சரிவைப் பனி விலகாத காலையில் படம் எடுத்திருந்தேன். நடுவில் நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் ஒன்று, விளக்குக் கம்பம் மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கும். அந்த இடத்தில் செக்கச்செவேலென்று பூத்த காட்டுப் பூவரசு இருந்தால் எப்படியிருக்கும் என்று ஓர் ஆசை. உயரமான சோலை ஓரங்களில் முறுக்கிய கிளைகளோடு நிற்குமே, ரோடோடென்ட்ரான், அதுதான். (தேயிலைக்கு நடுவில் அது ஏது என்று கேட்காதீர்கள்.)

ஸ்டேபிள் டிஃப்யூஷனில் மரத்தின் மேல் மாஸ்க் பூசி, வேண்டியதை எழுதிக் கொடுத்தால் அந்த இடத்தை மட்டும் திரும்ப வரையும். எவ்வளவு திரும்ப வரைய வேண்டும் என்பதைச் சொல்வது Denoising strength, 0 முதல் 1 வரை. பழைய படத்தின் மேல் அந்த அளவுக்குப் புள்ளி இரைச்சலைத் தூவிவிட்டு, மாடல் அதைத் துடைத்துத் துடைத்துப் புதுப்படம் காண்கிறது. தூவலில் முதலில் மறைவது இலை, பட்டை போன்ற நுணுக்கங்கள். பெரிய உருவமும் நிறமும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். இந்த ஒன்று புரிந்தால் மீதி எல்லாம் புரியும்.

0.3-ல் சில்வர் ஓக் அப்படியே இருந்தது, இலை மட்டும் கொஞ்சம் தடித்தது. 0.5-ல் அதே கம்பத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்புப் பொட்டுகள். பூ சூடிய கம்பம். 0.75-ல் கிளைகள் முறுக்கின, ஆனால் உயரம் குறையவில்லை. 1-க்குத் தள்ளினேன். பழைய மரத்தின் சுவடே இல்லை. பூங்காவில் வளர்க்கும் இளஞ்சிவப்புப் புதர் ஒன்று, உச்சி வெயிலில் நிற்பதுபோல் பளிச்சென்று, பனிக்குச் சம்பந்தமில்லாமல்.

எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தது என் தவறு. மாஸ்க் ஒல்லியாக நீண்டிருந்தால் அதற்குள் வரும் மரமும் ஒல்லியாகத்தான் வரும். காட்டுப் பூவரசோ குட்டையாக அகன்றது. மாஸ்க்கை அடியில் அகலமாக்கினேன். பிறகு படத்திலேயே தூரிகையெடுத்து, ஓக்கின் மேல்பாதியைப் பனியின் சாம்பல் நிறத்தால் மூடி, கீழே பழுப்பில் ஒரு கோணல் தண்டும் அதன்மேல் குழந்தை கிறுக்கியதுபோல் சிவப்புத் திட்டும் பூசினேன். Masked content-ல் original இருக்கட்டும். கிறுக்கலை மூலமாக மாடல் எடுத்துக்கொள்ள வேண்டுமே.

இப்போது 0.6 போதுமானதாக இருந்தது. உருவத்தையும் நிறத்தையும் நான் கொடுத்துவிட்டேன், நுணுக்கம் மட்டுமே மாடலின் வேலை. திட்டு பூங்கொத்துகளாகப் பிரிந்தது. பின்னால் பனியின் மங்கல் கெடவில்லை, ஏனென்றால் அது நான் பூசிய சாம்பலிலிருந்தே வந்தது. அதே கிறுக்கலை 0.35-ல் ஓட்டிப் பார்த்தேன்: கிறுக்கல் கிறுக்கலாகவே, மெழுகு பூசினதுபோல் வழவழவென்று நின்றது.

0.6 படத்தில் தண்டின் ஒரு பக்கம் மட்டும் நான் தூரிகை ஓட்ட மறந்த இடத்தில் சில்வர் ஓக்கின் நேர்கோடு மெல்லத் தெரிகிறது. திருத்த மனமில்லை.