திருத்தப்படாத விடைத்தாள்

மயிலத்திலிருந்து மாலைப் பேருந்தேறித் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ டியூஷனுக்குப் போகும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும், அதே வேளையில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கைப்பேசியில் யூடியூப் பாடம் பார்த்துப் படிக்கும் அவன் தோழனையும் ஒப்பிட்டு விவாதிக்கும் பெற்றோர்கள், போதிப்பவரின் சாமர்த்தியத்தையும் மாதக் கட்டணத்தையுமே பெரும்பாலும் எடைபோடுகிறார்கள். மாணவன் எழுதியதை யார் படித்துப் பார்க்கிறார் என்ற கேள்வியை எழுப்புவோர் அபூர்வம். என் அபிப்பிராயத்தில் இந்த விவகாரம் முழுவதும் அந்தக் கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது.

இயற்பியல் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். எழுத்துத் தேர்வுக்கு உரிய 70 மதிப்பெண்ணில் 15 மட்டுமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் வினாக்களுக்குப் போகிறது; மிச்சமுள்ள 55 மதிப்பெண்ணும் இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு மாணவன் தன் கையால் எழுதுவதைப் பொறுத்தது. ஆக, புரிந்துகொண்டவன் பாதி வழி வந்தவனே. புரிந்ததைப் படிப்படியாகத் தாளில் இறக்கி வைக்கும் அப்பியாசம் மீதிப் பாதி.

முதற்பாதிக்குக் காணொளி அருமையான சாதனம் என்பதில் சந்தேகமில்லை. எலக்ட்ரானின் டி ப்ராய் அலைநீளத்துக்கான கோவையை நல்ல ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் தருவித்துக் காட்டும்போது, புரியாத இடத்தில் நிறுத்தி, பின்னே தள்ளி, வெட்கமின்றி நான்காம் தடவையும் கேட்கலாம். நாற்பது பேர் நடுவே எழுந்து நின்று சந்தேகம் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு இந்தச் சுதந்திரம் சாமானியமான லாபமன்று. மின்னழுத்தம் V அளிக்கும் ஆற்றல் eV, அதுவே இயக்க ஆற்றலாக மாறுகிறது, அதிலிருந்து திசைவேகம், அதிலிருந்து λ = h/√(2meV), மாறிலிகளைப் பிரதியிட்டால் λ = 12.27/√V Å என்று பாடம் தங்குதடையின்றி ஓடுகிறது. பார்ப்பவனுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது போன்ற ஒரு திருப்தி உண்டாகிறது.

அந்தத் திருப்திதான் அபாயம். காணொளியை மூடிவிட்டு, 100 வோல்ட் மின்னழுத்தத்தால் முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் அலைநீளத்தை வெற்றுத் தாளில் கணக்கிடச் சொன்னால், நன்றாகப் படிக்கும் பிள்ளையே சில சமயம் வர்க்கமூலத்தை மறந்து 12.27-ஐ 100-ஆல் வகுத்து 0.1227 என்று எழுதி, அலகையும் விட்டுவிட்டு நிமிர்ந்து உட்காரும். சரியான விடை 1.227 Å. வேறு சிலர் தருவிக்கையில் வர்க்கமூலக் குறியின் கோட்டை 2m என்பதோடு நிறுத்திவிடுவார்கள்; அடுத்த வரியில் eV வெளியே தனித்து நிற்கும். மின்னழுத்தத்தை நான்கு மடங்காக்கினால் அலைநீளம் பாதியாக வேண்டும் என்று ஒருமுறை சோதித்துப் பார்த்தாலே இப்பிழை வெளிப்பட்டுவிடும்; ஆனால் அப்படிச் சோதிக்கும் பழக்கம், பக்கத்தில் சிவப்பு மையோடு ஒருவர் உட்கார்ந்து இரண்டொரு முறை பிழையைச் சுழித்த பிறகே வருகிறது. காணொளி எத்தனை மேதாவியினுடையதாயினும் மாணவனின் நோட்டை அது பார்ப்பதில்லை.

இதனால் டியூஷனே சிரேஷ்டம் என்று முடிவுகட்டிவிட முடியாது. பல டியூஷன்களில் நடப்பது, பள்ளியில் பகலில் நடந்த பாடத்தை மாலையில் மறுபடி சொல்லி, ‘முக்கிய வினாக்கள்’ என்றொரு பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்புவதே. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே வரையறுத்த பழைய ‘ப்ளூபிரிண்ட்’ முறை இருந்தவரை அத்தகைய பட்டியலுக்கு ஓரளவு பிரயோஜனம் இருந்தது. அது கைவிடப்பட்டு, புத்தகத்தின் உள்ளிருந்தும் வினாக்கள் வருகின்ற இந்நாளில், இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகள் ஒவ்வொன்றிலும் கட்டாய வினா ஒன்றும் இருக்கையில், பட்டியலை நம்பியவன் அவ்விடத்தில் தத்தளிக்கிறான். எழுத வைத்துத் திருத்தித் தராத டியூஷன், பேருந்துச் சத்தம் கொடுத்துப் போய்ப் பார்க்கும் காணொளியே. நிறுத்திப் பின்னே தள்ளும் வசதிகூட அதில் இல்லை. இருட்டிய பின் பிள்ளை வீடு திரும்ப வேண்டும் என்ற கவலை வேறு.

ஆகையால் சேர்க்கப் போகும் பெற்றோர், நடத்துபவரின் பட்டத்தை விசாரிப்பதைவிட, போன மாதம் தேர்வெழுதிய ஒரு மாணவனின் திருத்திய தாளைக் காட்டச் சொல்வது மேல். எந்த வரிக்கு அரை மதிப்பெண் குறைந்தது, ஏன் குறைந்தது என்று அதில் எழுதியிருக்கிறதா, வெறும் மொத்தம் மட்டும் போட்டிருக்கிறதா என்பது ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும். எல்லாப் பாடங்களுக்கும் அனுப்ப வேண்டிய அவசியமுமில்லை; கணக்கும் இயற்பியலும் போன்ற, எழுதி எழுதியே கைவர வேண்டிய பாடம் ஒன்றிரண்டுக்கு ஆளை நாடி, உயிரியலின் படங்களையும் விளக்கங்களையும் காணொளிக்கு விடலாம். டியூஷனுக்கு வழியில்லாத பிள்ளை, பழைய அரசுத் தேர்வு வினாத்தாளை எடுத்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதி, மறுநாள் பள்ளி இடைவேளையில் தன் இயற்பியல் ஆசிரியரிடம் ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் விடையை மட்டும் நீட்டினால், மறுக்கும் ஆசிரியர் அரிது. இதைப் பங்குனி உத்திரத் தேர் ஓடும் சமயத்தில் தொடங்கிப் பயனில்லை. அதற்குள் பொதுத் தேர்வே வந்துவிடும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே, வாரத்துக்கு ஒரு தாளாகத் தொடங்க வேண்டும்.