பத்தாயிரம் தடவைக்கு முன்பே ஆட்டம் காணும் சார்ஜிங் போர்ட்

மூன்று வருடமாக என்னிடம் இருக்கும் போன் போன மாதம் முரண்டு பிடித்தது. ஒயரைச் செருகினால் சார்ஜ் ஏறும்; போனைக் கொஞ்சம் நகர்த்தினால் நின்றுவிடும். கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில், "போர்ட் மாத்தணும் சார்" என்றார். பர்ஸைத் திறக்கும் முன் ஒரு கணக்குப் போட்டேன்.

டைப்-சி இணைப்பு 10,000 தடவை செருகி எடுப்பதைத் தாங்க வேண்டும் என்பது விதி. நான் நாளைக்கு நான்கு தடவை செருகுகிறேன். மூன்று வருடத்துக்கு 4,380. பாதிகூட ஆகவில்லையே!

அந்த 10,000 ஆய்வகக் கணக்கு. இயந்திரம் கோணாமல் நேராகச் செருகி நேராக உருவும். புது இணைப்பை உருவக் குறைந்தது 8 நியூட்டன் விசை, அதாவது சுமார் 800 கிராம் எடையின் இழுப்பு, தேவைப்பட வேண்டும். 10,000 தடவைக்குப் பிறகும் இது 600 கிராமுக்குக் கீழே போகக் கூடாது. என் போனின் எடை 200 கிராம்தான். அப்படியானால் ஒயரின் முனையைப் பிடித்துத் தூக்கினால் போன் விழாமல் தொங்க வேண்டும்.

மெத்தைக்கு மேலே பிடித்துப் பார்த்தேன். பழைய ஒயரில் விழுந்தது. புது ஒயரிலும் விழுந்தது. ஆனால் புது ஒயரின் முனை முழுசாக உள்ளே போகவில்லை, ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றது. டார்ச் அடித்தால் அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ இருந்தது. போனை அணைத்துவிட்டு, நடுவில் இருக்கும் நாக்கைத் தொடாமல், சீவிய மரப் பல்குச்சியால் ஓரத்தை நெம்பினேன். சட்டைப்பையின் பஞ்சு, அழுந்தி அட்டைபோல் வந்தது. (ஊசியோ குண்டூசியோ வேண்டாம்.) பிறகு புது ஒயர் 'டிக்' என்று உட்கார்ந்தது, போன் தொங்கியது. பழைய ஒயர் மட்டும் மறுபடியும் நழுவியது.

அது நழுவியதில் ஒரு நியாயம் உண்டு. கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய அகல யுஎஸ்பிக்கு 1,500 தடவைதான் கணக்கு. மைக்ரோ யுஎஸ்பி வந்தபோது, தேயக்கூடிய ஸ்பிரிங்கைப் போனிலிருந்து எடுத்து ஒயரின் முனையில் வைத்தார்கள். டைப்-சியிலும் அதேதான். போனுக்குள் இருப்பது தட்டையான நாக்கு. கவ்விப் பிடிப்பதெல்லாம் ஒயர். தேய்மானத்தில் முதலில் சாக வேண்டியது இருநூறு ரூபாய்ச் சாமான்.

போர்ட் நிஜமாகவே போவது பெரும்பாலும் எண்ணிக்கையால் அல்ல. சார்ஜில் போட்டபடி படுத்துக்கொண்டு, ஒயர் முனையை நெஞ்சில் ஊன்றி வீடியோ பார்த்தால் நாக்கு வளையும், சால்டர் விடும். ஈரத்தோடு செருகினால் மின்சாரம் பாயும் முனைகள் அரித்துப் பச்சையாகும். சுத்தம் செய்து, புது ஒயர் போட்டும் ஒரு பக்கமாக அழுத்தினால்தான் ஏறுகிறது என்றால் கடைக்காரர் சொன்னது சரி. போர்ட் தனிச் சிறு போர்டில் இருக்கிறதா, மெயின் போர்டிலேயே ஒட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். முதலாவதென்றால் அதை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம்.