வடக்கே பந்தல்

நண்பர் தன் சென்னை மொட்டைமாடித் தோட்டத்துக்குப் போட்ட வரைபடத்தில் எனக்கு முதலில் பிடித்தது, புடலைப் பந்தலை வடக்கு ஓரத்தில் நிறுத்தியதுதான். 7 அடிப் பந்தலின் நிழல் டிசம்பர் உச்சிவேளையில் வடக்கே 5 அடிக்கு நீளும். இங்கே அது கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளியே விழுகிறது, எந்தச் செடிக்கும் நஷ்டமில்லை. பந்தல் தெற்கே இருந்தால் பின்னால் நிற்கும் தக்காளிக்கு மார்கழி வெயில் போயே போச்சு. ஜூனில் சூரியன் கொஞ்சம் வடக்கே போனாலும் உச்சி நிழல் ஒன்றேகால் அடிதான். பொருட்படுத்த வேண்டாம்.

பந்தலுக்கு முன்னே இடுப்புயரத்துக்கு வெண்டை, கத்தரி, தக்காளி. அதற்கும் முன்னே, தெற்குச் சுவரை ஒட்டிக் கீரைத் தொட்டிகள். படிப்படியாக இறங்கும் அழகு கண்ணுக்குச் சரி, கீரைக்குச் சரியில்லை. 3 அடிச் சுவரே டிசம்பரில் தரையில் 2 அடிக்கு மேல் நிழல் போடும். அங்கே கீரை வெளிச்சம் தேடித் தண்டு நீண்டு சாயும்.

தொட்டிகளை 2 அடி உள்ளே நகர்த்தச் சொன்னேன். ஓரடி உயரத் தொட்டியானதால் சுவர் நிழல் அதன் மேல்மண்ணை எட்டாது. விட்ட இடமே நடைபாதை. மழைநீர்க் குழாய் வாயில் சருகு அடைத்தால் குனிந்து எடுக்கவும் வழி கிடைத்தது.