எண்ணுக்குப் பக்கத்துக் கட்டம்

திருவாரூர்ப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் முன்பெல்லாம் மொட்டைமாடியில் சுருக்கி போட்டு, மேலே தட்டோடு பதித்தால் வேலை முடிந்தது என்று இறங்கிவிடுவார்கள். இப்போது தளத்துக்கும் ஓட்டுக்கும் நடுவில் வெப்பம் தடுக்கும் பலகை ஒன்றை வைக்கலாமா என்று கேட்கிறார்கள். கடைக்குப் போனால் முதல் கேள்வி, "எத்தனை டென்சிட்டி வேணும் சார்?" என்பதுதான். 15, 20, 30 என்று எதையாவது சொன்னதும், கம்பெனி அச்சடித்த ஒரு பக்கத் தாளை எடுத்துக் கையில் கொடுப்பார்கள். இடப்பக்கம் அடர்த்தி, அமுக்க வலிமை, நீர் உறிஞ்சல், தீ வகுப்பு என்று வரிசையாக இருக்கும். வலப்பக்கம் எண்கள். நடுவில் பொடி எழுத்தில் சோதனை முறையின் பெயர்.

இந்தத் தாளை நான் குறைத்துப் பேச மாட்டேன். கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பிப் பொருள் வாங்கிய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். இரண்டு கம்பெனிச் சரக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. ஆனால் தாளில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் ஆய்வகத்தில் கேட்ட ஏதோ ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில். அந்தக் கேள்வி நடுக் கட்டத்தில் இருக்கிறது. அதைப் படிக்காமல் எண்ணை மட்டும் படிப்பதுதான் புதிதாக வாங்குகிறவர் செய்கிற தவறு. கடைக்காரரும் பெரும்பாலும் அதையேதான் செய்கிறார்.

அடர்த்தியிலிருந்து தொடங்கலாம். தெர்மாகோல் என்று நாம் சொல்லும் இபிஎஸ் பலகைக்கு இந்தியத் தரம் ஐ.எஸ். 4671. அதில் 15 முதல் 35 வரை அடர்த்தி வகைகள் உண்டு. ஒரு கன மீட்டர் பலகை எத்தனை கிலோ எடை என்பதுதான் அந்த எண். நான்கு வரிசைகளில் வாங்குகிறவர் உடனடியாகத் தானே சரிபார்க்கக் கூடியது இது ஒன்றுதான் என்பதால் இதன்மேல் எனக்குத் தனி மதிப்பு. ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையை மளிகைக் கடைத் தராசில் வையுங்கள். 20 அடர்த்தி என்றால் சரியாக அரை கிலோ இருக்க வேண்டும். 300 கிராம்தான் காட்டுகிறது என்றால் உங்களுக்கு வந்திருப்பது 12. அதற்கு முன் ஸ்கேல் வைத்துக் கனத்தையும் அளந்துவிடுங்கள். 50 என்று விற்பது 45ஆக இருந்தால் எடையும் குறையும், தடுப்பும் குறையும்.

அடர்த்தியின் பயன் அதோடு முடிந்துவிடுகிறது. ஒரே வகைப் பலகைக்குள் அடர்த்தி கூடினால் வலிமையும் கூடும். வகை மாறினால் அந்தக் கணக்கு செல்லாது. கிட்டத்தட்ட ஒரே எடையுள்ள எக்ஸ்பிஎஸ் பலகை, இபிஎஸ்ஸைவிடக் கணிசமாக அதிக பாரம் தாங்கும். ராக்வூல் அதைப்போல இரண்டு மடங்கு எடை இருந்தும் கையால் அழுத்தினால் அமுங்கும். அதனால் "எங்களுடையது 48 டென்சிட்டி, அவர்களுடையது 32தான்" என்று இரண்டு வேறு பொருள்களை ஒப்பிடும் விற்பனைப் பேச்சில் சாரம் இல்லை.

அடுத்தது அமுக்க வலிமை. தாள் பொய் சொல்லாமலே நம்மை ஏமாற்றிவிடக் கூடிய இடம் இது. 15 அடர்த்தித் தெர்மாகோலுக்கு இந்த வரிசையில் சுமார் 70 கிலோபாஸ்கல் என்று இருக்கும். சதுர மீட்டருக்கு ஏழு டன் என்று வைத்துக்கொள்ளலாம். மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுக் கட்டத்தைப் பார்த்தால் '10 சதவீத உருமாற்றத்தில்' என்று எழுதியிருக்கும். 50 மில்லிமீட்டர் பலகை 45ஆக நசுங்கும் கட்டத்தில் தாங்கிய பாரம் அது என்று பொருள். சோதனையும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. வருடக்கணக்கில் நிற்கும் பாரத்தில் இபிஎஸ் மெதுவாக அமுங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், ஐரோப்பிய நடைமுறையில் நிரந்தரப் பாரத்துக்கு அந்த எண்ணில் 30 சதவீதத்தைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆக நம் 70, கையில் 21ஆகத்தான் நிற்கிறது.

இதை ஒரு மாடியில் வைத்துப் பார்ப்போம். பலகைக்கு மேலே சுருக்கி, கலவை, தட்டோடு எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்கு 225 கிலோ வரலாம். ஆட்கள் நடமாட்டத்துக்கு 150 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் நான்கு கிலோபாஸ்கலைக்கூட எட்டவில்லை. 21 தாங்கும் பலகைக்கு இது ஒன்றுமே இல்லை. பரவி விழும் பாரத்துக்காக விலை உயர்ந்த பலகை வாங்கச் சொன்னால் நம்ப வேண்டாம்.

சிக்கல் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது. ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, அதன் கீழே ஒன்பது அங்குலச் செங்கல் கால் நான்கு. ஒவ்வொரு காலும் 23க்கு 23 சென்டிமீட்டர். நான்கும் சேர்ந்து நிற்கும் இடம் ஒரு சதுர மீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆயிரம் கிலோ தண்ணீரும் தொட்டியும் காலும் சேர்ந்து அந்த இடத்தில் சுமார் 50 கிலோபாஸ்கல் அழுத்தம் தரும். தாளைப் பார்த்தவர் "70 இருக்கிறது, 50தானே வருகிறது" என்று தைரியமாகக் கட்டிவிடுவார். நிரந்தரப் பாரக் கணக்கிலோ இது அளவைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஓட்டுக்கடியில் இருக்கும் கலவை பாரத்தைக் கொஞ்சம் பரப்பிவிடும் என்பது உண்மைதான். அந்தக் கலவை எவ்வளவு கனம் என்று கொத்தனாருக்கே நிச்சயமாகத் தெரியாத நிலையில் அதை நம்ப முடியாது. முதலில் காலைச் சுற்றி ஓட்டின் இணைப்பில் மயிரிழை விரிசல் தெரியும். பிறகு காலடியில் லேசான பள்ளம் விழுந்து மழைநீர் தேங்கும். 20 அடர்த்திக்கு மாறினாலும் கணக்கு சரிவராது. கால்களைத் தளத்தின் மேலேயே நேராகக் கட்டிவிட்டு, பலகையை அவற்றைச் சுற்றி வெட்டிப் போடுவதே வழி. அந்த நான்கு இடத்தில் வெப்பம் இறங்கும், இறங்கட்டும்.

டெல்டாவில் தளத்தின்மேல் போடும் பலகைக்கு நான் முதலில் பார்ப்பது நீர் உறிஞ்சல் வரிசையைத்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓட்டு இணைப்பில் இறங்கும் தண்ணீர் பலகையைச் சுற்றி நாள்கணக்கில் தங்கும். தாளிலோ '4 சதவீதத்துக்குக் கீழ்' என்று ஒரு வரிதான் இருக்கும். கன அளவிலா, எடையிலா? ஒரு சதுர மீட்டர், 50 மில்லிமீட்டர், 15 அடர்த்திப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவு 50 லிட்டர், எடை 750 கிராம். கன அளவில் 4 சதவீதம் என்றால் இரண்டு லிட்டர் தண்ணீர். எடையில் 4 சதவீதம் என்றால் 30 மில்லி. ஒரே எண்ணுக்குள் ஒரு சொம்பும் ஒரு மூடியும் அடங்கிவிடுகின்றன. எது என்று எழுதாத தாளை அந்த வரிசையைப் பொறுத்தவரை வெற்றுத்தாள் என்றே கொள்ளலாம்.

அடுத்து, எத்தனை நேரம்? அமெரிக்கச் சோதனை முறை ஒன்று 24 மணி நேரம் முக்கி வைக்கிறது. அந்த முறையில் லேசான இபிஎஸ்ஸுக்கு அவர்கள் அனுமதிக்கும் மேல்வரம்பு கன அளவில் 4 சதவீதம், எக்ஸ்பிஎஸ்ஸுக்கு 0.3. ஐரோப்பிய முறை 28 நாள் முக்குகிறது. இன்னொரு ஐரோப்பிய முறையில் பலகையின் ஒரு பக்கம் 50 டிகிரி சூட்டில் ஆவியும் மறுபக்கம் குளிர்ந்த தகடுமாக 28 நாள் வைப்பார்கள். மழைவிட்ட மறுநாள் வெயில் ஈரத்தை ஆவியாக்கிப் பலகைக்குள் தள்ளும் நம் மாடிக்கு மற்ற இரண்டையும்விட அதுவே நெருக்கம். உள்ளூரில் கைக்கு வரும் தாள்களில் அதைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இபிஎஸ்ஸுக்குள் கன அளவில் ஒரு சதவீதம் ஈரம் ஏறினால் வெப்பம் கடத்துவது ஏறக்குறைய 4 சதவீதம் கூடும். ஐந்து சதவீதம் ஏறினால் தடுப்பில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். மேலே ஓடும் கீழே நீர்க்காப்புப் பூச்சும் இருப்பதால் அந்த ஈரம் சீக்கிரம் காயவும் வழியில்லை.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். பத்துக்குப் பத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் துண்டு ஒன்றை வெட்டி எடைபோட்டு, கல் வைத்து ஒரு மாதம் வாளித் தண்ணீரில் அமுக்கி வையுங்கள். மேல் ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி எடைபோடுங்கள். ஒவ்வொரு ஐந்து கிராமும் கன அளவில் ஒரு சதவீதம். சின்னத் துண்டில் வெட்டிய ஓரம் அதிகம் என்பதால் முழுப் பலகையைவிடக் கூடுதலாகக் குடிக்கும். இரண்டு கம்பெனிச் சரக்கை ஒப்பிட அது தடையில்லை. தளத்தின்மேல் போட, அடர்த்தி கூடிய தெர்மாகோலுக்குத் தரும் காசை மெல்லிய எக்ஸ்பிஎஸ்ஸுக்குத் தரலாம் என்பது என் கட்சி.

தீ வகுப்பு, பலகை எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. கான்கிரீட்டுக்கு மேலே, சுருக்கிக்குக் கீழே அடைபட்ட பலகைக்கு, வேலை நடக்கும் நாள்களில் வெல்டிங் பொறி படாமல் பார்த்துக்கொண்டால் போதும். மாடியில் ஷீட் போட்ட அறை என்றால் நிலைமை வேறு. பக்கத்துக் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளியின் கீற்றுக்கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்த பிறகு, பள்ளிகளிலிருந்து கீற்றை அகற்ற அரசு உத்தரவிட்டது. கீற்றின் இடத்துக்கு ஷீட் வந்தால் கூடவே சூடும் வரும். சூட்டுக்காக ஷீட்டின் அடியில் நுரைப்பலகையை ஒட்டினால், எரியக் கூடிய ஒன்றையே மறுபடி தலைக்கு மேல் வைத்தவர்களாகிறோம்.

'தானே அணையும்' என்று தாளில் இருந்தால், சின்னச் சுடரைக் காட்டி எடுத்த பின் துண்டு அணைந்தது என்றே பொருள். எரியும் அறையில் சுடரை எடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். 'கிளாஸ் ஏ' என்று பெருமையாகப் போட்டிருந்தால் சோதனை முறை ஏ.எஸ்.டி.எம். இ 84ஆ என்று பாருங்கள். அதில் மாதிரியைச் சுரங்கம் போன்ற உலையின் கூரையில் பொருத்தித் தீ எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று அளக்கிறார்கள். தெர்மாகோல் உருகிக் கீழே சொட்டிவிடுவதால் கூரையில் தீ அதிகம் ஓடாது, எண் நன்றாக வந்துவிடும். உருகிச் சொட்டும் பொருளுக்கு இந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது என்று அந்தத் தரமே எச்சரிக்கிறது.

இன்னொன்று, எதோடு சேர்த்துச் சோதித்தார்கள் என்பது. இரண்டு பக்கமும் இரும்புத் தகடு ஒட்டிய பஃப் பேனலுக்குக் கிடைத்த வகுப்பு, தகடில்லாத வெறும் நுரைக்குச் சேராது. லண்டன் கிரென்ஃபெல் கட்டடத்தில் 2017 ஜூன் 14 அன்று 72 பேர் இறந்த தீ பற்றிய விசாரணையில் இது வெளிவந்தது. அங்கே போட்டிருந்த வெப்பத்தடுப்புப் பலகைகளில் பெரும்பகுதியைத் தந்த செலோடெக்ஸ், 2014இல் நடத்திய சோதனையில் தீயைத் தாங்கும் மெக்னீசியம் ஆக்ஸைடு பலகைகளையும் சேர்த்து வைத்துவிட்டு, விற்பனைத் தாளில் அதைச் சொல்லாமல் விட்டிருந்தது. எண் சோதனையில் வந்ததுதான், ஆனால் அது வேறொரு சுவருக்கு உரிய எண்.

ஷீட்டுக்கடியில் அடுப்பு எரியும் இடமென்றால் நான் ராக்வூலைத்தான் சொல்வேன். விலை கூட, பொருத்தும்போது உடம்பெல்லாம் அரிக்கும். ஷீட்டின் ஸ்க்ரூ துளையில் ரப்பர் வாஷர் பிய்ந்தால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் குடித்துக் கனத்துத் தொங்கும். அதன் தாளில் நீர் உறிஞ்சல் சதவீதத்தில் இல்லாமல் சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ என்று இருக்கும். அதைத் தெர்மாகோல் தாளின் சதவீதத்தோடு ஒப்பிடாதீர்கள். ஐப்பசி பிறக்கும் முன் ஓர் ஆளை மேலே ஏற்றி வாஷர்களை மாற்றிவிடுங்கள்.