அழைப்பிதழில் ஒரு சிறுமி

காவியங்களைத் திறனாய்வு செய்வோர் உண்டு; கதைகளை எடைபோடுவோர் உண்டு. ஆனால் ஊரிலே எல்லோரும் படிக்கின்ற ஓர் இலக்கியத்தை ஆய்வோர் அரியர். அதுதான் அழைப்பிதழ்! எழுத்துக்கூட்டிப் படிப்பவனும் அதைப் படிக்கிறான்; நூலகத்தின் வாயிலை மிதிக்காதவனும் அதைப் பத்திரமாகச் சுவரிலே செருகி வைக்கிறான். அந்த இலக்கியத்தின் ஒரு வகையை, மகள் பருவமெய்தியதைச் சாற்றும் அழைப்பிதழின் முகப்பு வாசகத்தை, இக்கட்டுரையிலே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம்.

தமிழ்நாட்டு அச்சகங்களிலே இதற்கென்று வார்ப்பு ஒன்று ஆயத்தமாக இருக்கிறது. “நிகழும் மங்களகரமான” என்று தொடங்கும். ஆண்டு, திங்கள், நாள், நட்சத்திரம், இலக்கினம் என்று நீளும். “எனது குமாரத்தி திருநிறைச்செல்வி” என்று பெயரைச் சொல்லும். “பூப்பெய்தியதை முன்னிட்டுப் பூப்புனித நீராட்டு விழா” என்று அறிவிக்கும். சுற்றத்தார் பெயர்களோடு முடியும். பெண்ணின் பெயரை மட்டும் மாற்றினால் போதும், எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

வார்ப்பைச் சற்று உற்று நோக்குவோம். “திருநிறைச்செல்வி” எங்கேயிருந்து வந்தாள்? திருமண அழைப்பிதழிலே மணமகளுக்கு இடும் அடை அது. நட்சத்திரமும் இலக்கினமும் முகூர்த்தமும் அங்கேயிருந்து வந்தவையே. தாய்மாமன் பெயர் பெரிய எழுத்தில், பெரியோர் பெயர்கள் வரிசையாக, நடுவிலே நகைகள் அணிந்த சிறுமியின் படம். திருமண அழைப்பிதழிலிருந்து மணமகனை மட்டும் நீக்கிவிட்டால் எஞ்சுவது எதுவோ, அதுதான் இது! ஏழாம் வகுப்பிலே பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் சிறுமியை, பாதி மணமகளாக ஊர் முன் நிறுத்துகிறது இந்த வார்ப்பு. அச்சுக் கோப்பவரின் பிழையல்ல இது. பருவமெய்தியதை ஊரறியச் சொன்ன காலத்திலே, “பெண் மணத்துக்கு ஆயத்தம், முறை உள்ளோர் அறிக” என்பதே அந்த அறிவிப்பின் பொருள். பொருள் செத்த பின்னும் சொல் வாழ்கிறது. 2006ஆம் ஆண்டின் சட்டப்படி பதினெட்டு வயதுக்கு முன் பெண்ணுக்கு மணம் செய்வது குற்றம். பெரும்பாலும் பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் வருகிறது முதற்பூப்பு. அப்போது அவள் உயரம்கூட முழுதாக வளர்ந்து முடிந்திருக்காது. மாத ஒழுங்கு சீராவதற்கே ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். “பெரியவளாகிவிட்டாள்” என்பது உடலியலும் அல்ல, சட்டமும் அல்ல. வெறும் பேச்சு வழக்கு.

அடுத்து, “பூப்புனித” என்ற சொல்லுக்கு வருவோம். பூப்பு என்பது பழந்தமிழ்ச் சொல். தொல்காப்பியத்தின் கற்பியலிலேயே இடம்பெற்றது. அங்கே அது மணமான பெண்ணின் மாதப் பூப்பைக் குறிக்கிறது. இயற்கை நிகழ்ச்சிக்கு இயல்பான பெயர். அதனோடு வடசொல்லான புனிதம் வந்து ஒட்டிக்கொண்டது. பூப்பின் கடையெழுத்தும் புனிதத்தின் முதலெழுத்தும் ஒன்றாகக் கலந்து ஒரே சொல்போல் ஆகிவிட்டன. நாம் கேட்கிறோம்: நீராட்டினால் புனிதம் வருகிறதென்றால், நீராட்டுக்கு முன் அவள் யார்? விடையை வாசகம் சொல்லவில்லை, வழக்கம் சொல்கிறது. பச்சை ஓலையால் குச்சு கட்டி, தனித் தட்டும் தனிப் பாயும் தந்து, ஒற்றைப்படை நாளெண்ணி ஒதுக்கி வைத்தார்களே, அந்தத் தீட்டுதான் “புனித” என்ற பூவுக்குள் ஒளிந்திருக்கும் புழு. பல வீடுகளிலே குச்சு போய்விட்டது. சொல்லிலே அது இன்னும் நிற்கிறது.

மாறாக “மஞ்சள் நீராட்டு” என்ற சொல்லைப் பாருங்கள். நடப்பதை நடப்பதாகவே சொல்கிறது: மஞ்சள் கரைத்த நீர், அதை ஊற்றும் கைகள். தீர்ப்பு எதுவும் இல்லை. பாட்டிமார் நாவிலே வழங்குவதும் இதுவே. மரபைப் போற்ற விரும்பும் வீட்டார் இச்சொல்லை எடுத்துக்கொண்டால் மரபிலே குறைவதொன்றுமில்லை.

மூன்றாவது, நட்சத்திரமும் நாழிகையும். பஞ்சாங்கங்களிலே “ருது பலன்” என்றோர் அட்டவணை உண்டு. பருவமெய்திய கிழமை, திதி, நட்சத்திரம் ஆகியவற்றுக்குப் பலன் சொல்வது. அதை நம்பும் வீட்டார் அந்த நேரத்தைக் குறித்து வைக்கிறார்கள். சிலர் அந்நாளை அழைப்பிதழிலும் அச்சிடுகிறார்கள். குருதி கண்ட நாளை ஊருக்கு அச்சிட்டுத் தருவதென்றால், அதைவிட ஒரு சிறுமிக்குக் கூச்சம் தருவது வேறென்ன உண்டு? பலன் பொய் என்பது ஒரு புறம் இருக்கட்டும். மெய்யேயானாலும் அது அவள் உடலின் செய்தி. விருந்துக்கு வருவோருக்கு வேண்டியது விழா நாளும் இடமும், அவ்வளவே.

நாம் ஆசிரியர் தொழில் புரிவோர். விழா முடிந்து வகுப்புக்குத் திரும்பும் சிறுமியரைக் கண்டிருக்கிறோம். சிலர் புத்தாடையைப் பற்றிப் பெருமையாகப் பேசுவர். சிலர் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குத் தாமாகவே போய் அமர்வர். காரணம் கேட்டால் சொல்லமாட்டார்கள். பேருந்து நிறுத்தத்திலே பத்தடிப் பதாகை நிற்கும். அதைப் பையன்கள் படித்துவிட்டு வந்திருப்பார்கள். வாழ்த்தென்று வீட்டார் எழுதியதே வகுப்பிலே கேலியாகிறது.

“எனில் விழாவே வேண்டாம் என்று சொல்லுங்களேன்!” என்று தோழர்கள் கேட்பர். பூப்புக்கு விழா தேவையில்லை என்பதே நம் கருத்தும். ஆனால் அம்மாச்சி ஆசைப்படுகிறாள், தாய்மாமன் சீர் எடுத்துவிட்டான், பல ஆண்டுகளாகப் பிறர் வீட்டில் எழுதிய மொய் திரும்பியாக வேண்டும் என்று முடிவாகிவிட்ட வீட்டிலே, நம் கொள்கை வெல்லும் வரையில் அந்தச் சிறுமி காத்திருக்க முடியுமா? அவளுக்கு வேண்டியது இந்த வாரமே. மொய்க்காக அழைக்க வேண்டியவர்கள் மொய்நோட்டிலே இருக்கிறார்கள். அவர்களுக்கு அழைப்பிதழ் போனால் போதும். பதாகைக்கு அங்கே வேலையில்லை.

ஆகவே வாசகம் எழுதுமுன் ஒரு கேள்வி: இதைப் படிக்கப்போகிறவர் யார்? உற்றார் ஒரு வட்டம். ஊர் மற்றொரு வட்டம். உற்றாருக்குத் தரும் அழைப்பிதழில் விழாவின் பெயர் இருக்கலாம். கைப்பேசியிலே எல்லோருக்கும் அனுப்பும் படத்தின் கீழே அது இருக்கவேண்டியதில்லை. இரண்டுக்கும் ஒரே வாசகத்தைப் போடுவதாலேதான் பெரும்பாலான தொல்லை விளைகிறது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மகளுக்குப் பன்னிரண்டு வயது. தாய் வரைவை எழுதி, கூடத்திலே உறவினர் நடுவே வைத்து “சரிதானே கண்ணு?” என்று கேட்டால், அவள் தலையாட்டுவாள். அது இசைவு அன்று, அடக்கம். தாய் தனியே அமர்ந்து, எழுதுகோலையும் அவள் கையில் கொடுத்து, “உனக்குப் பிடிக்காததை அடித்துவிடு” என்று சொல்ல வேண்டும். “பள்ளியில் கொடுப்பீர்களா?” என்று அவள் கேட்டால், அதுவே விடை, கொடுக்கக்கூடாதென்று பொருள். ஐயமிருந்தால் ஒரு சோதனை உண்டு: இவ்வாசகத்தை அவள் வகுப்பிலே ஒருவர் உரக்கப் படித்தால் அவள் நிமிர்ந்து அமர்வாளா, குனிவாளா?

அவள் “பூப்பெய்தியதை முன்னிட்டு” என்ற வரியையும், தன் வயதையும், படத்தையும் அடித்துவிட்டாள் என்று கொள்வோம். அப்பத்தா தாய்மாமன் பெயர் இருந்தே தீரவேண்டும் என்கிறாள். இருவர் விருப்பத்துக்கும் இடையே மோதலே இல்லை என்பதைக் கவனியுங்கள். அப்பத்தா கேட்பது உறவு. மகள் மறுப்பது விளம்பரம். உறவை வைத்து விளம்பரத்தை நீக்கினால் வாசகம் இப்படி அமையும்:

“எங்கள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அம்மாச்சியும் அப்பத்தாவும் முதல் நீர் ஊற்ற, தாய்மாமன் சீர் கொண்டுவர, உற்றார் கூடி நம் இல்லத்தில் வாழ்த்துகிறோம். அவள் படிப்பும் விளையாட்டும் என்றும்போல் தொடரும். வந்து வாழ்த்துங்கள், விருந்துண்டு செல்லுங்கள்.”

இதன் கீழே நாள், இடம், பெற்றோர் பெயர்கள். மகளின் பெயரை இடுவதா வேண்டாமா என்பது அவள் விருப்பம். “அம்மாச்சியும் அப்பத்தாவும் முதல் நீர் ஊற்ற” என்ற தொடரை வேண்டுமென்றே வைத்தோம். கணவனை இழந்தவள் என்று சொல்லி, பெற்று வளர்த்த பாட்டியையே நீராட்டும் கூட்டத்திலிருந்து விலக்கும் கொடுமை பல வீடுகளில் உண்டு. அச்சிலே அவள் முதலில் வந்துவிட்டால், அன்றைய தினம் அவளை ஓரத்தில் நிறுத்துவது எவர்க்கும் எளிதன்று. “படிப்பும் விளையாட்டும் தொடரும்” என்ற வரியும் அழகுக்காக எழுதியதன்று. வரப்போகும் அத்தைமார் “இனி மிதிவண்டி ஓட்டாதே” என்று அறிவுரை கூறுமுன் வீட்டின் முடிவைச் சொல்லிவிடுகிறது.

படம் வெளியிட அவள் இசைந்தால், அதன் கீழே ஒரு வரி போதும்: “தாய்மாமன் எடுத்துத் தந்த சேலையில் எங்கள் மகள்.” உறவினர் புரிந்துகொள்வர், பிறர்க்கு அது ஒரு குடும்பப் படம். இசையாவிட்டால் படமும் இல்லை, வரியும் இல்லை. இன்று இசைந்தவள் நாளை நீக்கச் சொன்னால் நீக்கிவிட வேண்டும்; பிறர் கைப்பேசிக்குப் போனது திரும்பாது என்பதையும் முன்னரே அவளுக்குச் சொல்லிவிடுவது நேர்மை.

“சொல்லை மாற்றினால் சமுதாயம் மாறுமா?” என்பார் சிலர். “விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை”யைத் “திருமண அழைப்பிதழ்” ஆக்கியபோதும் இப்படித்தான் கேட்டார்கள். பெயரோடு நிற்கவில்லை மாற்றம். புரோகிதர் இல்லாத் திருமணம் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் செல்லுபடியும் ஆயிற்று. அழைப்பிதழிலே எழுதியதை வீட்டார் நடத்தியாக வேண்டியிருக்கிறது. அதுதான் அச்சுக்குள்ள ஆற்றல்.

ஆனால் அதற்கோர் எல்லையும் உண்டு. வரைவைப் படித்து முடித்த மகள், எழுதுகோலை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே கோடாக இழுத்துவிட்டால், அவளுக்கு ஏற்ற வாசகம் எதுவுமில்லை. அந்த வீட்டிலே அச்சகத்துக்குப் போகவேண்டியதில்லை. தாய்மாமனை அழைத்து, நல்ல சாப்பாடு போட்டு, சேலைக்கு வைத்த பணத்தை அவள் பெயரில் அஞ்சலகத்திலே போட்டுவிட்டு, மறுநாள் காலை மணியடிக்குமுன் அவளைப் பள்ளிக்கு அனுப்புங்கள்!